மகசூலும் தாசில்தாரும் ஒரே குடும்பம்!

ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் அந்த நர்ஸுக்கு வயது 28. மூன்று மாதத்தில் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஷார்ஜா போக வேண்டும். அதற்குள் நோயாளிகளிடம் பேசும் அளவுக்காவது அரபி தெரிந்தாக வேண்டும்.

டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மொபைலில் Anki ஆப்பைத் திறப்பார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அரபி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த நாள், பிறகு சில நாள், பிறகு ஒரு வாரம் என்று தள்ளித் தள்ளி வரும். மறந்தால் மீண்டும் முதலிலிருந்து. தினமும் 20 புது வார்த்தைகள் சேர்த்தார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைக்கு 150 அட்டைகள் வந்து நின்றன. பாதி மறந்திருந்தது.

அரபியில் பெரும்பாலான வார்த்தைகளுக்கு மூன்று எழுத்து வேர் உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். ஹா, ஸாத், லாம் என்ற வேருக்குக் கைக்குக் கிடைப்பது என்ற பொருள். அதிலிருந்து வந்தவைதான் தஹ்ஸீலும் மஹ்ஸூலும். வருவாய்த் துறையில் ரிட்டயர்டான அப்பாவிடம் சொன்னார். "அட, தாசில்தாரும் மகசூலும் ஒரே குடும்பமா? நாற்பது வருஷம் எழுதியிருக்கேனே!" என்றார் அவர்.

அன்றிரவே வேர்வாரியாக அட்டைகளைப் பிரித்தார். மீம், ரா, ளாத்: மரள் என்றால் நோய், மரீள் நோயாளி, முமர்ரிளா நர்ஸ். ரமளானில் வரும் அதே ளாத். மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தார். அங்கேதான் சறுக்கியது. 'நோயாளி' என்ற அட்டைக்கு 'நோய்' என்றும், 'நர்ஸ்' என்ற அட்டைக்கு 'நோயாளி' என்றும் வாய் சொன்னது. வேர் நினைவுக்கு வந்தது, எந்த வடிவம் என்பதுதான் வரவில்லை. பலமுறை மறந்த அட்டையை Anki 'leech' என்று குறித்துவிடும். இரத்தம் உறிஞ்சும் அட்டை! மூன்றில் இரண்டு அப்படி ஆகிவிட்டன.

பிறகு முறையை மாற்றினார். முதலில் மரீள் மட்டும். அது ஒரு வாரம் தள்ளி வந்தும் தடுமாறாமல் சொல்ல முடிந்த பிறகே மரள். அதுவும் நிலைத்த பிறகு முமர்ரிளா. அப்போது பழைய வார்த்தையே புதியதற்குப் பிடிமானம் ஆனது. 'மு' என்று தொடங்கினால் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்பவர் என்ற குறிப்பையும் விடைப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

எல்லா வார்த்தைக்கும் இது கைகொடுக்காது. மருத்துவமனைக்கு முஸ்தஷ்ஃபா. குணம் என்று பொருள்படும் ஷிஃபாவோடு ஒரே வேர்தான், ஆனால் கேட்டவுடன் தெரியாது. அதைத் தனி அட்டையாகவே வைத்துக்கொண்டார்.

இப்போது நாளுக்கு எட்டு புது வார்த்தைகள்தான். மீதி நேரத்தில் அப்பா கேள்வி கேட்கிறார். "நோயாளி?" என்றால், யோசிக்காமல் "மரீள்" என்று பதில் வருகிறது.