918 கோடி ரூபாயும் வளைகோடு பூச்சியத்தைக் கடக்கும் இடமும்

மும்பை–புனே விரைவுச்சாலையைப் பற்றிப் புனேயில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வாக்குவாதம் ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகம், அச்சாலையிலும் அதற்கு இணையாகச் செல்லும் பழைய தேசிய நெடுஞ்சாலையிலும் பதினைந்து ஆண்டுகளுக்குச் சுங்கக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஐ.ஆர்.பி. குழுமத்திடம் ஒப்படைத்தது. அதற்கு ஈடாகக் கழகத்திற்கு முன்பணமாகக் கிடைத்த தொகை 918 கோடி ரூபாய். உரிமை 2019 ஆகஸ்டில் முடிந்தது. வசூல் தொகை முன்பணத்தைப் பன்மடங்கு தாண்டிவிட்டது, ஆகவே பொதுச்சொத்து மலிவாகக் கைமாறியது என்பது ஒரு தரப்பு. பணம் முதலிலேயே கொடுக்கப்பட்டது, வசூல் பதினைந்து ஆண்டுகளில் சிறுகச்சிறுக வந்தது, இரண்டையும் நேராக ஒப்பிடலாகாது என்பது மறுதரப்பு.

இரு தரப்பும் பேசுவது ஒரே வளைகோட்டின் இரு வேறு பகுதிகளைப் பற்றி. அந்த வளைகோட்டை வரைந்து பார்ப்பது கடினமன்று. ஆயினும் நிதி மேலாண்மை வகுப்புகளில் அது ஒரு பக்கப் படமாகக் கடந்துபோய்விடுகிறது. கணினி தரும் ஒற்றை விழுக்காட்டோடு மாணவர் நின்றுவிடுகிறார்.

வரைவதற்கு ஆண்டுவாரிப் பணவரவு வேண்டும். கீழே வரும் எண்கள் ஒப்பந்தத்தின் மெய்யான கணக்கல்ல. முன்பணமும் காலமும் மட்டுமே மெய், மற்றவை விளக்கத்திற்காகக் கொண்டவை. பராமரிப்புச் செலவு போக முதலாண்டு நிகர வரவு 100 கோடி என்று கொள்வோம். விரைவுச்சாலையின் கட்டணம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 18 விழுக்காடு உயரும் வகையில் அமைந்திருந்தது; ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 5.7 விழுக்காடு. வாகனப் போக்குவரத்து ஆண்டுக்கு 4 விழுக்காடு பெருகுமெனச் சேர்த்தால், வரவின் வளர்ச்சி ஏறக்குறைய 10 விழுக்காடாகும். கட்டணம் படிப்படியாக ஏறுவதைச் சீரான ஏற்றமாக மாற்றுவது ஓர் எளிமைப்படுத்தல்தான். வளைகோட்டின் வடிவத்தை அது கெடுக்காது.

இனிக் கிடைமட்ட அச்சில் கழிவு வீதம், செங்குத்து அச்சில் நிகர நிகழ்கால மதிப்பு. கழிவு வீதம் பூச்சியமாக இருக்கும்போது எதிர்கால ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றே. பதினைந்து ஆண்டு வரவின் கூட்டுத்தொகை 3,177 கோடி; 918-ஐக் கழித்தால் 2,259 கோடி. வளைகோடு இடப்புறம் புறப்படும் புள்ளி இதுவே. வீதம் 5 விழுக்காடாகும்போது மதிப்பு 1,101 கோடியாகச் சரிகிறது. 10 விழுக்காட்டில் 446. 15-இல் 55 மட்டுமே. 16-இல் அது பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 3 கோடி. 20-இல் கீழே 189. 25-இல் கீழே 349. வீதத்தை இன்னும் உயர்த்திக்கொண்டே போனால் எதிர்கால வரவெல்லாம் மதிப்பிழந்து, வளைகோடு கீழே 918 என்னும் மட்டத்தை நெருங்கிப் படுத்துவிடும்.

பூச்சியக் கோட்டைக் கடக்கும் இடம் 15-க்கும் 16-க்கும் இடையில், 16-ஐ ஒட்டி இருக்கிறது. 55-ஐயும் 3-ஐயும் கொண்டு விகிதம் பார்த்தால் 15.95 விழுக்காடு. இதுவே உள்ளார்ந்த ஈட்டு வீதம், வகுப்பறையில் ஐ.ஆர்.ஆர். எனப்படுவது. இவ்விடத்தில் மாணவர் சிலர் சறுக்குவதுண்டு. 10, 20 ஆகிய தொலைவான இரு வீதங்களை எடுத்து, இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால் விடை 17 விழுக்காடு என்று வரும். வளைகோடு உட்குழிந்து, தன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டிற்குக் கீழே தொங்குவதால் நேர்கோடு பூச்சியத்தைப் பின்தங்கித்தான் கடக்கிறது. இவ்வடிவ வளைகோட்டில் இப்பிழை எப்போதும் விடையை மிகைப்படுத்தியே காட்டும். ஒரு விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். ஏலத்தில் போட்டியிடுவோருக்கு அது சிறிதன்று.

இப்போது வாக்குவாதத்திற்குத் திரும்பலாம். "918 கொடுத்து மூவாயிரத்துக்கு மேல் வசூல்" என்ற கூற்று வளைகோட்டின் இடமுனையை மட்டும் படிப்பது. அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அது கழிவு வீதம் பூச்சியம் என்ற ஓர் உலகில் மட்டும் பொருந்தும். இடமுனையின் உயரம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வரவின் வளர்ச்சி 10-க்குப் பதில் 5 விழுக்காடு என்று வைத்து மீண்டும் வரைந்தால், இடமுனை 1,240 கோடிக்கு இறங்குகிறது. போட்டது போக இன்னும் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். செய்தித்தாளில் இதுவும் கொள்ளை இலாபமாகவே ஒலிக்கும். ஆனால் கடக்கும் இடம் 11.4 விழுக்காட்டிற்கு நகர்ந்துவிடுகிறது. 13 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்கி முன்பணம் கட்டியவருக்கு முதல் வளைகோட்டில் இலாபம், இரண்டாவதில் நட்டம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டு வளர்ச்சி பற்றிய ஊகம் ஒன்றே.

மறுதரப்பும் வளைகோட்டை முழுதாகப் படிப்பதில்லை. கழகத்தின் இருக்கையிலிருந்து பார்த்தால் குறிகள் எல்லாம் தலைகீழாகும்: முதலில் 918 கோடி வரவு, பிறகு பதினைந்து ஆண்டுகள் கைவிட்டுப்போன கட்டணம். வளைகோடு பூச்சியக் கோட்டிற்குக் கீழே 2,259-இல் தொடங்கி, இடமிருந்து வலமாக மேலேறும். கடக்கும் இடம் அதே 15.95. ஆனால் பொருள் முற்றிலும் மாறிவிட்டது. ஒப்பந்தக்காரருக்கு அது ஈட்டும் வீதம். தம் முதலீட்டுச் செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் ஏற்கலாம். கழகத்திற்கோ அது கடனின் விலை. வேறிடத்தில் அதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைத்திருக்குமானால் இந்தக் குத்தகை தேவையில்லை. கணினி இரு தரப்பிற்கும் 15.95 என்ற ஒரே எண்ணைத் தருகிறது. எத்திசையில் படிப்பது என்று அது சொல்வதில்லை. வளைகோடு இறங்குகிறதா ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும். வளைகோட்டை வரைவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கடன் வட்டியோடு ஒப்பிடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கடன் வாங்கியிருந்தால், வாகனங்கள் வந்தாலும் வராவிட்டாலும் கழகம் வட்டி கட்டியே ஆகவேண்டும். குத்தகையில் அந்த இடர் மறுகைக்குப் போய்விட்டது. ஆகவே 15.95-இன் ஒரு பகுதி இடரைச் சுமப்பதற்கான கூலி. வளர்ச்சி 5 விழுக்காடாக நின்றிருந்தால் கழகம் 11.4-க்குக் கடன் பெற்றது போலாகியிருக்கும். முன்பணமோ இரு நிலையிலும் அதே 918. 2004-இல் கையொப்பமிட்டவர்கள் ஒரு வளைகோட்டை அன்று, ஊகங்களுக்கேற்ப விசிறிபோல் விரியும் பல வளைகோடுகளையே பார்த்திருக்க வேண்டும். 2019-இல் நின்றுகொண்டு நடந்தேறிய ஒன்றை மட்டும் வரைந்து தீர்ப்புச் சொல்வது எளிது.

விரிதாளில் இதை வரைவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்குள்ள NPV சார்பு, தனக்குத் தரப்படும் முதல் தொகை முதலாண்டின் இறுதியில் வருவதாகவே கொள்ளும். ஆகவே முன்பணத்தை அதற்குள் இடாமல் வெளியே சேர்க்க வேண்டும். B2-இல் −918-ம், B3 முதல் B17 வரை பதினைந்தாண்டு வரவும், D2-இல் கழிவு வீதமும் இருந்தால்:

```
=NPV(D2,$B$3:$B$17)+$B$2
```

முன்பணத்தையும் உள்ளே இட்டுவிட்டால் எல்லாத் தொகையும் ஓராண்டு கூடுதலாகக் கழிக்கப்படும். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் கடக்கும் இடம் மாறாது. பூச்சியத்தை எதனால் வகுத்தாலும் பூச்சியம்தானே. ஐ.ஆர்.ஆர். சரியாக வந்ததைக் கண்டு கணக்கே சரி என்று எண்ணிவிடுவார்கள். ஆனால் 10 விழுக்காட்டில் 446-க்குப் பதில் 405 என்றும், 20-இல் கீழே 189-க்குப் பதில் 158 என்றும் நிற்கும். வலமுனையைப் பார்த்தால் பிழை வெளிப்படும். சரியான வளைகோடு முன்பணத்தின் மட்டத்தை நோக்கி இறங்கும். பிழையானது ஓரளவு இறங்கிப் பிறகு பூச்சியத்தை நோக்கி மீண்டும் எழும்.

பாடநூல்கள் எச்சரிக்கும் இரட்டைக் கடப்பு இங்கே நேருமா என்ற கேள்வியும் எழலாம். சாலையைத் திருப்பித் தருமுன் பழுதுபார்க்க 16-ஆம் ஆண்டில் 300 கோடி செலவு என்று வைத்தால், குறி இருமுறை மாறுகிறது. வரைந்து பார்த்தால் கடக்கும் இடம் 15.4-க்குச் சற்று நகர்கிறது, அவ்வளவே. பூச்சியத்திற்கு மேற்பட்ட வீதங்களில் இரண்டாவது கடப்பு தோன்ற வேண்டுமானால் இடமுனையே பூச்சியத்திற்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு இறுதிச் செலவு 2,259 கோடியைத் தாண்ட வேண்டும். சுரங்கத்தை மூடுவதும் அணு உலையைப் பிரிப்பதும் அத்தகைய செலவைக் கொண்டுவரலாம். சாலைக் குத்தகையில் அந்த அச்சம் மிகை.

2020-இல் அதே சாலை மீண்டும் குத்தகைக்குப் போனது. பத்து ஆண்டு இரண்டு மாத உரிமைக்கு ஐ.ஆர்.பி. ஒப்புக்கொண்ட தொகை 8,262 கோடி என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அதில் 6,500 கோடி முன்பணம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 850 கோடி வீதம். நான்காம் ஆண்டில் 62 கோடி. ஆக 8,262 என்பதும் கழிவு வீதம் பூச்சியமாகும்போது மட்டும் உண்மையான கூட்டுத்தொகை. பின்தவணைகள் அந்தந்த ஆண்டின் இறுதியில் செலுத்தப்படுவதாகக் கொண்டு 10 விழுக்காட்டில் கழித்தால் 7,883 கோடிதான் வருகிறது. இந்த இரண்டாம் குத்தகைக்கு வளைகோடு வரைபவர் 8,262-ஐ முதல் கட்டத்தில் இட்டால் இடமுனை சரியாகவே இருக்கும். வீதம் ஏற ஏற வளைகோடு இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்துபோகும், கடக்கும் இடமும் இடப்பக்கம் தள்ளி விழும். தவணைகளை அவற்றிற்குரிய ஆண்டுகளில் வைத்தால், வலமுனை வந்து நிற்கும் மட்டம் 6,500.