கீழ்வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும்

தெஹிவளையில் என் தங்கை இருப்பது நான்கு மாடித் தொடர்மாடி. பதினாறு வீடுகள். 2019 ஓகஸ்டில் அவளது மூத்த மகளின் காவின் அங்கு நடந்தபோது யாருக்கும் சொல்லவில்லை. நம் ஊரிலிருந்து இரண்டு வேன்கள் சுபஹுக்கு முன்பே வந்து இறங்கின. உயிர்த்த ஞாயிறு நடந்து நாலு மாதம். இருட்டில் வேனிலிருந்து பெரிய பெரிய சட்டிகள் இறங்குவதைப் பார்த்து யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். சட்டியைத் திறந்து காட்டிய வெட்கம் தங்கைக்கு இன்னும் போகவில்லை.

இளையவளின் காவினுக்கு நான் ஒரு வாரம் முன்னதாகவே போனேன். "காக்கா, கேக்கப்போனா வேணாமெண்டு சொல்லிருவாங்க" என்றாள். கேட்கவல்ல, சொல்லத்தான் போகிறோம் என்றேன். உண்மையில் இரண்டுக்கும் இடையில் அவ்வளவு தூரமில்லை.

அறிவித்தலை மருமகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிப் படிக்கட்டடியில் ஒட்டினாள். நாள், வேன் வரும் நேரம், முடியும் நேரம், அன்று விழித்திருக்கும் ஒருவரின் தொலைபேசி இலக்கம். அது போதுமென்றுதான் நினைத்தோம்.

சாப்பாடு மொட்டை மாடியில். தங்கை முதலில் சொல்ல நினைத்தது பக்கத்து வீட்டுக்கு. ஆனால் மொட்டை மாடியில் கதிரை இழுத்தால் சத்தம் பக்கத்துக்குப் போவதில்லை. கொங்கிரீட் வழியாக நேரே கீழே இறங்கும். பாட்டை மூடி வைக்கலாம், பிளாஸ்டிக் கதிரையின் காலை மூட முடியாது. எனவே நாலாம் மாடிக் கதவைத்தான் முதலில் தட்டினோம். என் சிங்களம் சந்தைச் சிங்களம், மருமகள்தான் பேசினாள்.

திறந்த சிங்கள அம்மா அறிவித்தலை ஏற்கெனவே வாசித்திருந்தார். வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். நேரில் கேட்டபோதுதான் வந்தது: கணவருக்குச் சனிக்கிழமைகளில் இரத்தச் சுத்திகரிப்பு. அதிகாலை ஐந்துக்கு முச்சக்கர வண்டி வாசலுக்கு வர வேண்டும். பதினொரு மணிக்குத் திரும்பி மூன்று வரை தூங்குவார்.

எங்கள் வேன் வருவது சரியாக அந்த ஐந்து மணிக்கு, அந்த வாசலுக்கு.

பள்ளிவாசல் நிருவாகத்திடம் பேசி, வேன்கள் பள்ளி வளவில் நிற்பதென்றும், ஆட்கள் அங்கிருந்து நடந்து வருவதென்றும் ஒழுங்கு செய்தோம். இருநூறு மீற்றர்தான். கதிரைக்காரருக்கு மூன்றரைக்குப் பிறகு வரச் சொன்னோம். இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டுமென்று பொடியன்மாருக்கு இரண்டு தரம் சொன்னேன். ஒரு தரம் கேட்டார்கள். முதல்நாள் மாலை மீண்டும் ஒருமுறை போய் ஞாபகப்படுத்தினோம்.

முடியும் நேரம் இரவு பத்து என்று எழுதியிருந்தோம். கடைசிக் கதிரை இறங்கியது பத்து நாற்பதுக்கு. மறுநாள் காலை வட்டிலப்பமும் மன்னிப்புமாகப் போனேன். அம்மா சிரித்தார். "பத்தெண்டு சொன்னதால பத்திலிருந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன் மாஸ்டர். அடுத்த முறை பதினொண்டெண்டு எழுதுங்க."