ஐந்தாம் எண் வீட்டில் யார்?

மின்வெட்டு வந்து போனால் எங்கள் வீட்டு பிரிண்டர் கணினியின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பழுது பார்க்க வருபவர் ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்: "டிரைவர் போயிடுச்சு சார்." அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார், வேலை செய்யும். மின்சாரம் போனால் டிரைவர் ஏன் போக வேண்டும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

டிரைவர் என்பது நம் பக்கத்தை பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றித் தரும் மென்பொருள். அது தவறானால் தாளில் புரியாத எழுத்துகள் கொட்டும். எனக்கோ தாளே வரவில்லை. அப்படியானால் கோளாறு மொழியில் இல்லை, முகவரியில்.

கணினியில் பிரிண்டரின் Printer properties திறந்து, Ports பகுதியில் பார்த்தேன். 192.168.1.5 என்றிருந்தது. அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

```
ping 192.168.1.5
```

பதில் வந்தது! பிரிண்டர் இருக்கிறது, ஆனால் அச்சடிக்கவில்லை. இரண்டு நாள் இந்த முட்டுச்சந்திலேயே நின்றேன். பழுது பார்ப்பவர் சொன்னதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது.

பிறகு பிரிண்டரின் பொத்தான்களிலிருந்தே அதன் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டேன். அதில் 192.168.1.8 என்றிருந்தது. அப்படியானால் ஐந்தாம் எண்ணிலிருந்து பேசியது யார்? கணினியில் arp -a என்று கொடுத்தேன். ஐந்துக்கு நேரே இருந்த வன்பொருள் எண், தாளில் இருந்த பிரிண்டரின் எண் அல்ல. ரூட்டரின் பட்டியலைத் திறந்தால், அது ஊரிலிருந்து வந்திருந்த தங்கையின் போன்!

மின்சாரம் போனதும் ரூட்டர் தான் கொடுத்த முகவரிகளை மறந்துவிட்டிருக்கிறது. பிரிண்டர் அணைந்திருந்த நேரத்தில் போன் வந்து சேர, காலியாகத் தெரிந்த ஐந்தை அதற்குக் கொடுத்துவிட்டது. கணினி மட்டும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. பழுது பார்ப்பவரின் வைத்தியம் ஏன் பலித்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. டிரைவரை மறுபடி ஏற்றும்போது கணினி பிரிண்டரைப் புதிதாகத் தேடி, புது முகவரியைக் குறித்துக்கொள்கிறது. குணமாக்கியது டிரைவர் அல்ல, அந்தத் தேடல்.

ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில், பிரிண்டரின் வன்பொருள் எண்ணுக்கு 192.168.1.50 என்ற முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினேன். பிரிண்டரை அணைத்துப் போட்டேன். கணினியில் Add Port வழியே Standard TCP/IP Port தேர்ந்து அதே எண்ணைக் கொடுத்தேன். அதன்பின் எத்தனையோ மின்வெட்டுகள் வந்துவிட்டன, பிரிண்டர் மறையவில்லை.

உங்கள் பிரிண்டர் மறைந்தால் முதலில் அந்த விவரத் தாளை அச்சிடுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரியே தரவில்லை என்று பொருள். வைஃபை இணைப்பைச் சரிபாருங்கள். மற்றபடி, தாளில் உள்ள எண்ணும் கணினியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே டிரைவரில் கை வையுங்கள்.