8,450 ரூபாய் எங்கிருந்து வந்தது?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் பக்கத்தில் ஒரு சின்ன லேத் பட்டறை. ரசாயன ஆலைகளின் பம்புகளில் தேய்ந்துபோன பாகங்களைக் கடைந்து சரிசெய்து கொடுப்பது அதன் தொழில். பங்குதாரர்கள் இருவர், வேலையாட்கள் சிலர். கணக்கு மட்டும் சிதம்பரத்தில். கீழ வீதியை ஒட்டிய ஒரு மாடி அறையில், இதுபோன்ற சில நிறுவனங்களுக்கு டேலி போட்டுத் தரும் பெண் கணக்காளர் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

2024-25ஆம் ஆண்டின் கணக்கை முடிக்கும்போது, ஓர் ஆலையின் பெயரில் 8,450 ரூபாய் நிலுவையாக நின்றது. 126ஆம் எண் பில்லில் அந்தத் தொகை குறைகிறது என்றது டேலி. பட்டறை முதலாளிகளில் ஒருவர் மாதக்கணக்காக அந்த பில் பாக்கியைக் கேட்டு ஆலைக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்தார். 126-க்கு முழுப் பணமும் கொடுத்தாயிற்று என்பதே ஆலையின் பதில். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை அந்த மாடி அறையில் உட்காரவைத்தது.

கணக்காளர் முதலில் எடுத்தது வங்கி ஸ்டேட்மென்ட். 2024 நவம்பரில் அந்த ஆலையிடமிருந்து நெஃப்ட் மூலம் 1,42,000 ரூபாய் வந்திருந்தது. அதோடு ஒரு யுடிஆர் எண், ஆலையின் பெயர், அவ்வளவுதான். எந்த பில்லுக்கு என்ற விவரம் வங்கி வரியில் கிடையாது. வாங்குபவர் தனியாக அனுப்பும் பேமென்ட் அட்வைஸில்தான் அது இருக்கும். அந்த மெயில் சிதம்பரத்துக்கு வரவே இல்லை.

தொகையோ ரவுண்டாக இருந்தது. பில் கணக்குப் பார்த்துக் கொடுத்த பணம் இப்படிக் காசு சுத்தமாக வருவது அபூர்வம். அதனால் அப்போது பதிவு போட்ட உதவியாளர் அதை முன்பணம் மாதிரி நினைத்து, டேலியில் `On Account` என்று போட்டுவிட்டார். ஆண்டு முடிவில் யாரோ அதைப் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்திருக்கிறார்கள். 118ஆம் பில் 70,800, 121ஆம் பில் 50,150. இரண்டும் முழுதாகத் தீர்ந்தன. மிஞ்சிய 21,050 ரூபாய், 29,500 ரூபாய்க்கான 126ஆம் பில்லில் போய் விழுந்தது. குறைந்தது 8,450. ஆக, 126 மேல் பழி விழுந்ததற்கு ஒரே காரணம் அது வரிசையில் கடைசியாக நின்றதுதான். பில்லைக் குறிக்காமல் வரிசைப்படி கழித்தால், எங்கே குறைந்தாலும் அது கடைசி பில்லின் தலையில்தான் வந்து விழும்.

சரி, அந்த 8,450 எதனால் ஆனது?

கணக்காளர் கால்குலேட்டரை எடுத்தார். மூன்று பில்களின் மொத்தம் 1,50,450. ஜிஎஸ்டி நீங்கலாக 1,27,500. ஜாப் ஒர்க்குக்குப் பிரிவு 194சி-யின்படி டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். பட்டறை பங்குதாரர் நிறுவனம் என்பதால் 2 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் டிடிஎஸ் கிடையாது. 1,27,500-இல் 2 சதவீதம் 2,550. வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்தார். ஆலையின் டான் எண்ணுக்கு எதிரே 2,550 அப்படியே இருந்தது. தேதிகள் மட்டும் பணம் வந்த நாளோடு ஒத்துப்போகவில்லை. “அவங்க பில்லை புக் பண்ணின அன்னிக்கே டிடிஎஸ் பிடிச்சிடுவாங்க சார். பணம் பிறகு வரும். தேதியைப் பார்த்து இதைத் தேடினா கிடைக்காது, தொகையைத்தான் பார்க்கணும்” என்றார்.

மீதி 5,900. அதை 1.18-ஆல் வகுத்தார். திரையில் 5,000 என்று வந்து நின்றது. 18 சதவீத ஜிஎஸ்டி உள்ள தொகையை அப்படி வகுத்து முழு எண் வந்தால், வரியோடு சேர்த்து எதையோ கழித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அது டெபிட் நோட்டாக இருக்கலாம். ஆனால் எந்த பில்லுக்கு, எதற்காக என்பதை அந்த வகுத்தல் சொல்லாது. சரக்கைத் திருப்பியிருக்கலாம், தாமதத்துக்கு அபராதம் போட்டிருக்கலாம். அட்வைஸைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மறுநாள் கடலூர். ஆலையில் பட்டறையைப் பதிவுசெய்த காலத்தில் கொடுத்த முகவரி, முதலாளியின் பழைய சொந்த மெயில். அதன் கடவுச்சொல்லை மீட்டெடுக்கவே காலைப்பொழுது போயிற்று. யுடிஆர் எண்ணைப் போட்டுத் தேடினார்கள், இல்லை. பணம் வங்கியிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கணினி அட்வைஸை அனுப்பிவிட்டால், அதில் யுடிஆர் இருக்காது. ‘1,42,000’ என்று தேடினார்கள், அதுவும் இல்லை. கணக்காளர் போனில், “சார், கமாவை மாத்திப் போடுங்க” என்றார். `142,000.00` என்று அடித்ததும் மெயில் வந்தது. பெரிய நிறுவனங்களின் மென்பொருள் பல நேரங்களில் லட்சக் கமா போடுவதில்லை.

உள்ளே நான்கு வரிகள். ஒவ்வொன்றிலும் ஆலையின் உள் ஆவண எண், பட்டறையின் பில் எண், மொத்தம், டிடிஎஸ், நிகரம். 118-க்கு 69,600, 121-க்கு 49,300, 126-க்கு 29,000. நான்காவது வரி கழித்தல் குறியோடு 5,900. அதன் எதிரே பில் எண் 118. கூட்டினால் காசு பிசகாமல் 1,42,000. தொகை ரவுண்டாக வந்தது வெறும் தற்செயல்.

118-இல் என்ன நடந்தது என்பதை லேத்தில் நின்ற மூத்த தொழிலாளி சொன்னார். “ரெண்டு ஸ்லீவ் அளவு தப்புன்னு அப்பவே திருப்பி அனுப்பிட்டாங்களே, சீட்டோட அந்த ரேக்லதான் கிடக்கு.” உண்டு. தலா 2,500 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஸ்லீவ்கள், கிரீஸ் படிந்த கேட் பாஸோடு. சீட்டு பட்டறையைத் தாண்டிக் கணக்குக்குப் போகவில்லை.

சிதம்பரத்தில் திருத்தம் மூன்று பதிவுகளாக முடிந்தது. வந்த பணத்தை `Agst Ref` கொடுத்து மூன்று பில்களுக்கும் பிரித்தார். 118-க்கு 5,900-ஐக் கழித்து 63,700 மட்டும். டிடிஎஸ் 2,550-ஐ வரவேண்டிய வரியாக ஜர்னல் போட்டார். அது பட்டறையின் வருமான வரிக் கணக்கில் கேட்டுப் பெறவேண்டிய பணம். 5,900-க்கு 118-ஐக் குறிப்பிட்டு கிரெடிட் நோட்.

மூன்றாவதுதான் அவசரமாக இருந்தது. ஆலை டெபிட் நோட் போட்டதால் பட்டறையின் ஜிஎஸ்டி குறையாது. விற்றவர் தானே கிரெடிட் நோட் போட்டு ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டினால்தான், நடக்காத விற்பனைக்குக் கட்டிய 900 ரூபாய் வரி குறையும். அதற்கும் கெடு உண்டு: 2024-25ஆம் ஆண்டின் விற்பனைக்கு 2025 நவம்பர் 30, ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன்பே தாக்கலானால் அந்தத் தேதி.

இனி அட்வைஸ் நேராகச் சிதம்பரத்துக்கு வரும்படி மெயில் முகவரியை மாற்றச் சொல்லி, ஆலைக்கு லெட்டர் பேடில் ஒரு கடிதம் தயாரானது. முதலாளி கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனில் கேட்டார்: “அப்ப அந்த 126-க்காக நான் அனுப்பின மெயிலுக்கெல்லாம் என்னம்மா சொல்றது?”

“ஒண்ணும் சொல்ல வேணாம் சார். 118-க்குக் கிரெடிட் நோட் அனுப்புங்க, போதும்.”