வணக்கமா, சாப்பிட்டீங்களாவா?

எங்கள் ஆம்பூர் கடைத்தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால் யாரும் "வணக்கம், நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்பதில்லை. "என்னண்ணா, எங்க கிளம்பிட்டீங்க?" என்போம். மத்தியானமானால் "சாப்பிட்டாச்சா?" வீட்டுக்கு வந்தவரென்றால் "வாங்க, வாங்க." ஆள் கண்ணெதிரே நிற்கிறார், நன்றாக இருக்கிறாரா என்பது பார்த்தாலே தெரிகிறது.

கடிதத்தில் அந்த வசதி இல்லை. நாலு நாள் கழித்துப் பிரித்துப் படிப்பவருக்கு, எழுதியவர் எப்படி இருக்கிறார் என்பதுதான் முதல் கவலை. அதனால்தான் இன்லண்டு லெட்டரில் "இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்" என்று நம் சேதியை முதலில் சொல்லிவிட்டு அவர்கள் சேதியைக் கேட்டோம்.

வாட்ஸ்அப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பேச்சு மாதிரி உடனே போய்ச் சேருகிறது. முகமும் குரலும் மட்டும் கூடப் போவதில்லை. "சாப்பிட்டீர்களா?" என்று அனுப்பினால் பள்ளிக்கூடப் பாடம் படிப்பது போலிருக்கும். "சாப்டீங்ளா" என்றால் கண் மங்கிய நம் வயதுக்காரர் எழுத்துக் கூட்ட வேண்டும். சொல்லின் முன்பாதியை முழுசாகவும், முடிவை மட்டும் பேச்சிலும் எழுதுவது என் வழக்கம்: சாப்பிட்டீங்களா, வந்துட்டீங்களா, எப்படி இருக்கீங்க. அந்த "ங்க" போதும், மரியாதை குறையாது. "வணக்கம்" என்பதைப் பழக்கமில்லாதவருக்கும், பேங்க் மேனேஜர் போன்றவர்களுக்கும் வைத்துக்கொள்கிறேன்.

தோல் கம்பெனியில் கணக்கு எழுதிய நாளில் பாய்மார்களைப் பார்த்தால் "சலாம் பாய்" என்று கையைத் தூக்குவோம். அவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள். எழுதும்போது "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று முழுசாக எழுதுகிறேன். அது சாந்தி உண்டாகட்டும் என்று வேண்டுவது; வேண்டுதலைச் சுருக்குவானேன்? சிலர் ஆங்கிலத்தில் இரண்டெழுத்துப் போட்டு முடிக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

சிக்கல் வருவது சாவுச் சேதியில். போன மாதம் எங்களோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி காலமாகிவிட்டார். குழுவில் ஒருவர், "வணக்கம் அண்ணா, எப்ப எடுக்கறாங்க?" என்று அவருக்கே போட்டார். கெட்ட எண்ணமில்லை, கைப்பழக்கம். ஆனால் சாவு வீட்டில் "வாங்க" என்று யாரும் அழைப்பதில்லை; கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்றும் சொல்வதில்லை. நேரில் விட்டுவிடுவதை எழுத்திலும் விட வேண்டும். "ஆழ்ந்த இரங்கல்" சுவரொட்டிக்குச் சரி. கூடவே இருந்தவருக்கு அது தூரமாகப் படும். நான் முகமன் இல்லாமல், "அண்ணா, சேதி கேட்டேன். அண்ணி கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன். காலையில வீட்ல இருப்பேன்" என்று எழுதினேன். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை அவர் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.