இரண்டு இலக்கத்தில் ஒளிந்திருக்கும் நூற்றாண்டு

மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்கமொன்றின் உறுப்பினர் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலை 2024-இல் எங்களிடம் வந்தது. அறுபது வயது கடந்தோரின் பட்டியலொன்றை உதவித்தொகைக்காக எடுக்க வேண்டும் என்பதே நோக்கம். பதிவேட்டில் இரண்டு தேதிகள் இருந்தன: பிறந்த தேதி, சேர்ந்த தேதி. இரண்டிலும் ஆண்டு இரண்டே இலக்கங்களில் எழுதப்பட்டிருந்தது.

எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 12-5-27 என்று எழுதிய கைக்கு அது எந்த நூற்றாண்டு என்பதில் ஐயமே இருந்திராது. நம் அறுபதாண்டுச் சுழற்சியிலும் இதே சிக்கல் உண்டல்லவா? பிரபவ ஆண்டில் பிறந்தவர் என்றால் 1927-இலா, 1987-இலா? எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். கணிப்பொறிக்குப் பார்ப்பதற்கு முகமில்லை. ஆகவே அது ஒரு வெட்டுக்கோட்டை வைத்துக்கொள்கிறது. கோட்டுக்குக் கீழுள்ள எண்களுக்கு முன்னால் 20, மேலுள்ளவற்றுக்கு முன்னால் 19.

அந்தக் கோடு எல்லா மென்பொருளிலும் ஒரே இடத்தில் இல்லை. எக்செல் நெடுங்காலம் கடைப்பிடித்த வழக்கப்படி 00 முதல் 29 வரை இரண்டாயிரங்கள். 30 முதல் ஆயிரத்துத் தொள்ளாயிரங்கள். பைத்தான் மொழியில் `%y` என்று கொடுத்தால் 68 வரை இரண்டாயிரங்கள். இந்தப் பதிவேட்டைப் பைத்தானிடம் அப்படியே கொடுத்தால் 1964-க்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர் இனிமேல்தான் பிறக்கப் போகிறார்கள். அறுபது கடந்தோர் பட்டியலில் ஒருவர்கூட இருக்கமாட்டார். வெற்றுப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் பிழை தெரிந்துவிடும். எக்செல் செய்வதோ இதைவிட ஆபத்தானது. பட்டியல் சரியாகத்தான் தோன்றும். 1929-லும் அதற்கு முன்பும் பிறந்த மிக முதியவர்கள் மட்டும் ஓசையின்றி நழுவிவிடுவார்கள். தேதியை இரண்டு இலக்கத்திலேயே காட்டும் அமைப்பில் 2027-உம் 27 என்றே தெரிவதால், கண்ணுக்கும் அகப்படாது.

எனவே நாங்கள் ஆண்டுகளை முதலில் வெறும் எழுத்தாகவே தட்டச்சிட்டோம். விரித்த ஆண்டுக்குத் தனிப் பத்தி. மூலப் பத்தியில் கை வைப்பதில்லை. பிறகு சேர்ந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தோம். 68 முதல் 99 வரை ஒரு கூட்டம். 00 முதல் 24 வரை மற்றொன்று. இடையே, 25 முதல் 67 வரை, வெறுமை. சங்கம் தொடங்கியதே 1968-இல் என்பதால் இவ்வெறுமை இயல்பானது. வெட்டுக்கோட்டை இந்த வெறுமைக்குள் எங்கு வைத்தாலும் ஒரே விடைதான். நாங்கள் 50-இல் வைத்தோம். ஒரு பத்தியிலுள்ள ஆண்டுகளின் மொத்த வீச்சு நூறுக்குள் அடங்கினால் இப்படியொரு கோடு போதும்.

பிறந்த ஆண்டுகளில் அது போதவில்லை. 04 என்று இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் 1968-இல் சேர்ந்தவர், மற்றவர் 2023-இல். முன்னவர் 1904-இலும் பின்னவர் 2004-இலும் பிறந்திருக்க வேண்டும். எந்த ஒற்றைக் கோடும் இவ்விருவரையும் பிரிக்காது. ஆகவே கோட்டை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே வரைந்தோம். பதினெட்டு வயது நிரம்பியவரே உறுப்பினராகலாம் என்பது சங்கத்தின் விதி. சேர்ந்த ஆண்டிலிருந்து 18-ஐக் கழித்தால் வருவது அந்த மனிதருக்கான எல்லை. எல்லையைத் தாண்டாமல், அந்த இரண்டு இலக்கங்களில் முடியும் மிக அண்மைய ஆண்டே பிறந்த ஆண்டு. B2-இல் பிறந்த ஆண்டின் இரண்டு இலக்கம், C2-இல் சேர்ந்த ஆண்டின் நான்கு இலக்கம் என்றால்:

```
=C2-18-MOD(C2-18-B2,100)
```

1971-இல் சேர்ந்த ஒருவருக்கு 27 என்றிருந்தது. எல்லை 1953, அதிலிருந்து 27-ஐக் கழித்தால் 1926, நூறால் வகுத்த மீதி 26, 1953-இல் அது போக 1927. அவர் பழைய பிரபவக்காரர்தான்.

இவ்விதிக்கு இன்னொரு பயனும் உண்டு. அதே 1971-இல் சேர்ந்த மற்றொருவருக்கு 54 என்றிருந்தது. விதி அவரை 1854-இல் பிறக்கவைத்தது. சேரும்போது வயது 117! உண்மையில் பதினேழு வயதில், விதியை மீறிச் சேர்க்கப்பட்டவரா, அல்லது 34 என்பது 54 ஆகிவிட்டதா? மை மங்கிய தாளில் 3-உம் 5-உம் ஒன்றுபோலத்தான் இருந்தன. இதை ஊகிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. சேரும்போது வயது எழுபதைத் தாண்டிய வரிகளையெல்லாம் தனியே எடுத்துச் சங்கத்தாரிடமே கொடுத்தோம். அவர்கள் அடையாள அட்டையைப் பார்த்தோ வீட்டில் விசாரித்தோ நிரப்பட்டும்.

பிழை நேரும்போது அது நம்பத்தகுந்த எண்ணாக அல்லாமல் 117 என்று கூவும்படி கோட்டை அமைப்பதுதான் தேவை. 1954-ஐ நாமே போட்டு நிரப்பியிருந்தால் அந்த வரியை மறுமுறை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.