முன்பணம் எந்தக் கணக்குக்கு?

வாசகர்களே, உங்கள் தோட்டத்திலோ கம்பத்திலோ சிறிய மளிகைக் கடை நடத்துகிறவர் யாராவது இருந்தால், இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். பட்டணத்து மொத்தக் கடைக்குச் சரக்குப் பட்டியல் கொடுத்து, முன்பணமும் கட்டிவிட்டு, "மொத்தம் இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு" என்று உறுதிப்படுத்தி அனுப்புகிறார்களே ஒரு செய்தி, அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியன். எங்கள் செம்பனைத் தோட்டத்தில் கடை வைத்திருக்கும் அக்கா வியாபாரத்தில் கெட்டிக்காரர். வாடிக்கையாளர் கடனையெல்லாம் 555 புத்தகத்தில் காசு பிசகாமல் எழுதி வைத்திருப்பார். ஆனால் கைப்பேசியில் எழுதுவதென்றால் அவருக்குப் பொறுமை இருக்காது. ஒரு தீபாவளிக்கு முன், லோரியில் வந்த ஆளிடம் 400 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, "அண்ணே, பணம் கொடுத்தாச்சு, சரக்கு அனுப்புங்க" என்று மட்டும் முதலாளிக்குச் செய்தி போட்டார்.

சரக்கு வந்தது, கூடவே ஒரு சிக்கலும் வந்தது. அக்காவுக்கு அந்தக் கடையில் முந்தின மாதப் பாக்கி 260 வெள்ளி இருந்தது. மொத்தக் கடையில் அந்த 400-லிருந்து முதலில் 260-ஐப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொண்டு, மீதி 140-ஐத்தான் புதுச் சரக்குக்கு முன்பணமாக எழுதியிருந்தார்கள். லோரி வாசலில் நிற்கிறது. கேட்ட தொகையில் 260 வெள்ளி குறைகிறது. பண்டிகைக்கென்று கேட்டிருந்த பருப்பு மூட்டைகள் இரண்டும் வந்த லோரியிலேயே திரும்பிப் போய்விட்டன.

"ஏமாத்திட்டாங்களே வாத்தியாரே!" என்று அக்கா கலங்கினார். நடந்ததைக் கேட்ட பிறகு, "இதில் ஏமாற்று ஒன்றும் இல்லையக்கா. பணம் எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லை, அவர்களாகவே முடிவு செய்து கொண்டார்கள்" என்றேன்.

நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் இந்த விஷயம் இருக்கிறது. ஒருவருக்குப் பல பாக்கிகள் இருக்கும்போது, "இது இந்தக் கணக்குக்கு" என்று சொல்லிப் பணம் கொடுத்தால், வாங்கிக் கொண்டவர் அந்தக் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டும். கொடுத்தவர் சொல்லாமலும், எதற்கென்று சூழ்நிலையாலும் தெரியாமலும் இருந்தால், வாங்கியவர் தமக்கு வரவேண்டிய எந்தப் பாக்கியிலும் அதைக் கழித்துக் கொள்ளலாம். ஆகவே முன்பணத்தைப் பற்றிய வரியில், எவ்வளவு கொடுத்தோம் என்பதோடு எதற்குக் கொடுத்தோம் என்பதும் இருந்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்த செய்தி ஒன்றை அப்படியே தருகிறேன். அப்போதும் பழைய பாக்கி 260 வெள்ளி நின்றிருந்தது.

"வணக்கம் அண்ணே. உங்கள் பட்டியல் எண் 417, தேதி 6.
அரிசி 10 கிலோ பை 20, ஒன்று 34.00, ஆக 680.00.
சீனி 1 கிலோ பாக்கெட் 48, ஒன்று 2.70, ஆக 129.60.
டின் பால் 2 பெட்டி, பெட்டிக்கு 48 டின், பெட்டி 150.00, ஆக 300.00.
பருப்பு 25 கிலோ மூட்டை 2, ஒன்று 105.00, ஆக 210.00.
மொத்தம் 1,319.60.
இந்தப் பட்டியலுக்கு மட்டும் முன்பணம் 400.00, 7-ஆம் தேதி வங்கி வழியாக அனுப்பினேன்.
பழைய பாக்கி 260.00 தனி. அதை 30-ஆம் தேதி கட்டிவிடுகிறேன்.
சரக்கு இறங்கியதும் தர வேண்டியது 919.60. சரியென்றால் இந்தத் தொகையை எழுதிப் பதில் போடுங்கள்."

இதில் டின் பால் வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். "டின் பால் 2 பெட்டி" என்று மட்டும் எழுதினால் போதாது. 24 டின் உள்ள பெட்டியும் உண்டு, 48 டின் உள்ள பெட்டியும் உண்டு. 48 என்று நினைத்து நாம் விலை பேசி, 24 வந்து இறங்கினால், பெட்டிக் கணக்கு சரியாகவே இருக்கும். சரக்கு மட்டும் பாதியாக இருக்கும். பெட்டி, மூட்டை, பை என்று எழுதும் இடத்திலெல்லாம் உள்ளே எத்தனை, எத்தனை கிலோ என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பழைய பாக்கியை நாமே எழுதிக் காட்டுவானேன் என்று அக்கா முதலில் தயங்கினார். மறைத்தால் அந்தப் பக்கத்தில் சந்தேகம்தான் வளரும். கடனை ஒப்புக்கொண்டு, கட்டும் நாளையும் சொல்லிவிட்டால், முன்பணத்தில் கைவைக்க அவர்களுக்கு அவசியம் இராது.

அந்தத் தடவை லோரி வந்தபோது அரிசி 20 பைக்குப் பதிலாக 18 பைதான் இருந்தது. கொண்டு வந்த பில்லில் மட்டும் பழைய 919.60-தான். "இரண்டு பை அடுத்த வாரம் வரும் அக்கா, இப்போதைக்கு இதைக் கட்டிடுங்க" என்றார் லோரிக்காரத் தம்பி. அவர் நல்ல பிள்ளைதான். ஆனால் அடுத்த வாரம் புதுப் பட்டியல் வரும்போது, அந்த இரண்டு பை பழைய கணக்கா புதுக் கணக்கா என்று யாருக்கு நினைவிருக்கும்?

இந்த இடத்தில்தான் பலருக்குக் கணக்குத் தடுமாறுகிறது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். சரக்குக் குறைந்தால் மொத்தம்தான் குறையும். கொடுத்த முன்பணம் குறையாது. முதலில் வராத 2 பைக்கு 68 வெள்ளியை மொத்தத்தில் கழிக்க வேண்டும், 1,251.60 வரும். பிறகு அதில் முன்பணம் 400-ஐக் கழித்தால் 851.60. அக்கா கட்ட வேண்டியது அதுதான்.

தம்பி முதலாளியைக் கூப்பிட்டுப் பேசினார். பில்லில் 20-ஐ அடித்து 18 என்று எழுதி, மொத்தத்தையும் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அக்கா அங்கேயே நின்று இரண்டாவது செய்தியை அனுப்பினார்: "பட்டியல் 417: அரிசி 18 பை வந்தது, 2 பை வரவில்லை. மொத்தம் 1,251.60. முன்பணம் 400.00. இன்று கட்டியது 851.60. இந்தப் பட்டியலில் பாக்கி இல்லை. அந்த 2 பை வந்தால் புதுப் பட்டியலில் சேர்த்துக் கொள்ளுங்கள்." சரக்கு இறங்கிய அன்றே இதை அனுப்ப வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால், எண்ணி இறக்கியபோது ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி எழும்.

பதில் விஷயத்திலும் கவனம் வேண்டும். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. செய்தியைப் பார்த்தேன் என்கிறாரா, கணக்கை ஒப்புக்கொண்டேன் என்கிறாரா என்று அதிலிருந்து தெரியாது. அதனால்தான் தொகையை எழுதிப் பதில் போடச் சொல்கிறோம். "919.60 சரி" என்று இரண்டு சொல் வந்தால் போதும். வியாபாரத்தில் இத்தகைய மின்னணுச் செய்திகளுக்கும் சட்ட மதிப்பு உண்டு என்று நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. என்றாலும் கைப்பேசி தண்ணீரில் விழலாம், தொலைந்து போகலாம். ஆகவே அக்கா அந்த எண்களைத் தம் 555 புத்தகத்திலும் எழுதிக் கொள்கிறார்.

முன்பணத்தை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டியிருந்தால், யார் கையில், எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று அதே வரியில் சேர்த்து, அன்றே முதலாளிக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்புமுன், உங்கள் வியாபாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம், பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருந்தாலும் சரி, செய்தியைக் கொடுத்து, "இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும், எதற்கு?" என்று கேளுங்கள். வேறு எதையும் கேட்காமல் அந்தப் பிள்ளை சரியான பதிலைச் சொல்லிவிட்டால், செய்தியை அனுப்பலாம்.